டியூஷன் சென்டர் ரிசல்ட் பேனரில் பிள்ளையின் பெயரும் மார்க்கும்: எடுக்க வைப்பது எப்படி?

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த இரண்டு மூன்று நாளில் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊர் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தாலும் டியூஷன் சென்டர்களின் ஃப்ளெக்ஸ் தொங்கும். முதல் மூன்று பேரின் படம் மட்டும் போட்ட பேனரால் பெரிய சிக்கல் வருவதில்லை. சிக்கல் '100 சதவீதத் தேர்ச்சி' பேனரில்தான். ஒருவர்கூடத் தோற்கவில்லை என்று காட்டுவதற்காக வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் பாடவாரியாக அட்டவணை போட்டுவிடுகிறார்கள். மேல் வரிசையில் 487 எடுத்த பிள்ளை. கடைசி வரிசையில் 214 எடுத்த பிள்ளை, கணக்கில் 35. சென்டருக்கு அது தேர்ச்சிக் கணக்கு. அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு, பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகும் பள்ளிக்கு எதிரிலேயே தொங்கும் மார்க் ஷீட்.

இந்த வழிகாட்டி அந்தக் கடைசி வரிசைக்கானது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி, அங்கே ஒரு சென்டர், 214 எடுத்த ஒரு மாணவி என்று ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். சென்டர் வாசலில் எட்டுக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் ஒன்று. மெயின் ரோட்டில் மின்கம்பத்தில் கட்டிய சிறிய ஃப்ளெக்ஸ் ஒன்று. அதே டிசைன் சென்டரின் ஃபேஸ்புக் பக்கத்திலும், கூகுள் மேப்பில் சென்டரின் படங்களுக்கு நடுவிலும் இருக்கிறது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார்கள்.

முதலில்: எதைக் கேட்கப் போகிறீர்கள்?

"பேனரை எடுங்க" என்று போய் நின்றால் பெரும்பாலும் வேலை நடக்காது. மே கடைசியும் ஜூன் முதல் பாதியும்தான் டியூஷனுக்கு அட்மிஷன் காலம். அந்த பேனர்தான் அவர்களின் வருடத்து விளம்பரம். முழுதாக இறக்கச் சொன்னால், "மத்த முப்பது பேரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. மற்ற பிள்ளைகளின் பெயருக்காகப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

உங்கள் பிள்ளையின் வரியை மட்டும், அது இருக்கிற எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். வரி என்றால் பெயர், இனிஷியல், படம், பள்ளியின் பெயர், பதிவெண், பாட மார்க், மொத்தம் எல்லாமும்தான். படத்தை மட்டும் மறைத்துவிட்டு "முடிஞ்சிடுச்சு" என்பார்கள். சின்ன ஊரில் இனிஷியலும் பள்ளியும் இருந்தாலே யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். பதிவெண் விஷயம் இன்னும் மோசம். அரசுத் தேர்வுத் துறையின் முடிவுப் பக்கத்தில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் மார்க் வந்துவிடும். பிறந்த நாள் வாழ்த்து எந்த ஸ்டேட்டஸிலாவது இருந்தால் மீதி வேலை சுலபம்.

போவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு பேனர் உறுத்தாது. அதைப் பற்றி வீட்டில் நடக்கும் பேச்சுதான் உறுத்தும். எடுக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அதற்குப் பிறகு பேசுவது முழுக்கப் பெற்றோரின் வேலை. "நீயே சார்கிட்ட சொல்லிடு" என்று அனுப்பாதீர்கள்.

ஆதாரம் எடுத்து வைத்தல்

சாரிடம் பேசுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பேனருக்கும் இரண்டு படம் போதும். ஒன்று தள்ளி நின்று, பக்கத்துக் கடையின் போர்டோ மின்கம்பத்தின் எண்ணோ தெரியும்படி. இன்னொன்று கிட்டப் போய், உங்கள் பிள்ளையின் வரி படிக்கிற மாதிரி. ஃபேஸ்புக், கூகுள் மேப் பதிவுகளுக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு அந்தப் பதிவின் இணைப்பையும் நகலெடுத்து உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் பின்னால் எந்தப் பதிவு என்று தேட வேண்டியிருக்கும்.

பேனரின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்த ஃப்ளெக்ஸ் கடையின் பெயர் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் படங்களை உறவினர் குழுவில் போட்டு நியாயம் கேட்காதீர்கள். பேனரைப் பார்க்காத நாற்பது பேருக்கு நீங்களே மார்க்கை அனுப்பியதாகிவிடும்.

சம்மதம் கொடுத்தீர்களா?

ஜூன் மாதம் சேர்க்கும்போது போட்ட அட்மிஷன் படிவத்தைத் தேடி எடுங்கள். பல சென்டர்களின் படிவத்தில் கடைசியில், "மாணவரின் புகைப்படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பல பெற்றோர் இந்த இடத்தில்தான் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்று 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போடக் கூடாது என்கிறது அது. அந்தச் சம்மதத்தையும் தேர்வில் வெற்றி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். ஆக, போன ஜூனில் படிவத்தோடு படிவமாக வாங்கிய கையெழுத்து இதற்குச் செல்லாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடமே "இங்க ஒரு சைன் போடு" என்று வாங்கிய காகிதத்துக்கும் மதிப்பில்லை.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. இந்த நெறிமுறைகள் 'பயிற்சி மையம்' என்று சொல்வது ஐம்பது பேருக்கு மேல் சொல்லிக்கொடுக்கும் இடத்தை. டியூஷனும் இதில் அடங்கும். நம் எடுத்துக்காட்டில் பத்தாம் வகுப்பில் 32 பேர்தான். ஆனால் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சேர்த்தால் நூறைத் தாண்டும் என்பதால் நெறிமுறை பொருந்தும். வீட்டு மாடியில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காவின் டியூஷனுக்குப் பொருந்தாது. அங்கே பேச்சும் கடிதமும்தான் வழி.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சிலர் நீட்டுவார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வரும். அதற்கு முன் அதை மட்டும் நம்பிப் புகார் எழுதாதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவையும் இழுக்க வேண்டாம். வழக்கில் சிக்கிய, பாதிக்கப்பட்ட, பாதுகாப்பு தேவைப்படும் சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது அது. பத்தாம் வகுப்பு மார்க்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொருந்தாத பிரிவு ஒன்றைச் சொல்லி மாட்டிக்கொண்டால், பொருந்தும் விஷயத்தையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

நேரில் பேசுவது

கவுன்ட்டரில் ஃபீஸ் வாங்கும் பெண்ணிடமோ பாடம் எடுக்கும் மிஸ்ஸிடமோ பேசிப் பயனில்லை. பேனருக்குப் பணம் கொடுத்தவரிடம் பேச வேண்டும். மாலை வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன் போனால் அவர் தனியாக இருப்பார். மற்ற பெற்றோர் நிற்கும்போது கேட்டால் அவர் தன் சென்டரின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். நீங்களும் பிள்ளையின் மார்க்கை நாலு பேர் முன் மறுபடி சொல்ல வேண்டி வரும்.

பேச்சு நீளத் தேவையில்லை.

"சார், பாப்பாவை பாஸ் பண்ண வச்சீங்க, அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அவ பேரும் மார்க்கும் பேனர்ல இருக்கிறது அவளுக்கும் பிடிக்கல, எங்களுக்கும் பிடிக்கல. அவ வரியை மட்டும் எடுத்துடுங்க சார். வாசல்ல, மெயின் ரோட்ல, ஃபேஸ்புக்ல, கூகுள்ல, நாலு எடத்துலயும்."

வரக்கூடிய பதில்கள் சில உண்டு. "டிசைன் கெட்டுடும்" என்றால் அதற்கான வழி கீழே இருக்கிறது. "ஃப்ளெக்ஸ் கடைக்காரன் போட்டது" என்றால், பட்டியலைக் கொடுத்தது சென்டர்தான் என்று மெதுவாகச் சொல்லுங்கள். "இதுல என்ன சார் ரகசியம், ரிசல்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பதுதான் அடிக்கடி வருவது. அப்படி இல்லை. 2017-லிருந்து தமிழ்நாடு அரசே பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாநில அளவிலான ரேங்க் பட்டியலை அறிவிப்பதில்லை. பிறந்த தேதி இல்லாமல் முடிவைப் பார்க்கவும் முடியாது. சென்டருக்கு மார்க் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தாலே புரியும். ஹால் டிக்கெட் ஜெராக்ஸை ஏப்ரலில் வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு வந்த அன்று அவர்களே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அல்லது பிள்ளையே சந்தோஷத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கும்.

மாற்று ஒன்றையும் கையோடு கொடுங்கள். '32 பேர் எழுதினர், 32 பேர் தேர்ச்சி' என்று எண்ணிக்கை மட்டும் போட்டாலே அவருடைய 100 சதவீதம் நிற்கும். பெயர் போட்டுக்கொள்ள விரும்பியவர்களின் பெயரை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

நடத்துகிறவர் பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ, மனைவி பெயரில் நடத்துகிறவராகவோ இருந்தால் அதை ஆயுதமாக எடுக்கத் தோன்றும். அரசு ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்பது சரி. ஆனாலும் அதை இதோடு கலந்தால் ஒரு வரியை எடுக்கும் காரியம் வேலையைக் காப்பாற்றும் சண்டையாக மாறிவிடும். தம்பியோ தங்கையோ அதே சென்டரில் படிக்கிறார்கள் என்றால் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

கடிதம்

"பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினாலும், "கண்டிப்பா எடுத்துடறேன்" என்று சொன்னாலும் மறுநாளே கடிதம் கொடுத்துவிடுங்கள். பேச்சுக்குத் தேதி கிடையாது, கடிதத்துக்கு உண்டு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

> அனுப்புநர்: (பெற்றோர் பெயர், முகவரி, கைபேசி எண்)
> பெறுநர்: உரிமையாளர், (சென்டரின் பெயர், முகவரி)
> நாள்:
>
> பொருள்: விளம்பரங்களிலிருந்து என் மகளின் விவரங்களை நீக்கக் கோருதல்
>
> ஐயா,
> என் மகள் (பெயர்) தங்கள் மையத்தில் பத்தாம் வகுப்பு படித்தாள். அவளுடைய பெயரும் மதிப்பெண்களும் தங்கள் மைய வாசலில் உள்ள பேனரிலும், மெயின் ரோட்டில் மின்கம்பத்தில் உள்ள பேனரிலும், தங்கள் ஃபேஸ்புக் பக்கம், கூகுள் மேப் பக்கம், பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றிலும் வெளியிடப்பட்டுள்ளன. தேர்வு முடிவுக்குப் பின் இதற்கு நாங்கள் எழுத்துபூர்வ சம்மதம் எதுவும் தரவில்லை. சேர்க்கைப் படிவத்தில் அப்படி ஏதேனும் இருந்தால் அதை இக்கடிதம் மூலம் திரும்பப் பெறுகிறேன்.
>
> இணையப் பதிவுகளை 3 நாட்களுக்குள்ளும், பேனர்களில் உள்ள அவளது வரியை 7 நாட்களுக்குள்ளும் நீக்கவும். அச்சகத்தில் உள்ள டிசைன் கோப்பிலிருந்தும் நீக்கி, இனி எந்த விளம்பரத்திலும் பயன்படுத்தாதிருக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,

கடிதத்தில் மார்க்கை எழுதாதீர்கள். இது யார் யார் மேசையில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்து, மற்றதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும், டெலிவரி ஆனதைக் காட்டும் இணையப் பக்கத்தின் பிரிண்ட்டையும் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்று நாளும் ஏழு நாளும் சும்மா போட்ட கணக்கு அல்ல. இணையப் பதிவை நீக்க நிர்வாகியின் கைபேசியே போதும். ஃப்ளெக்ஸுக்குக் கடை, ஆள், ஏணி எல்லாம் வேண்டும்.

பேனரில் ஒரு வரியை எப்படி மறைப்பது?

புது ஃப்ளெக்ஸ் அடிக்கத் தேவையில்லை. அதே ஃப்ளெக்ஸ் கடையில் அதே பின்னணி நிறத்தில் வினைல் ஸ்டிக்கர் ஒன்று அடித்து அந்த வரியின் மேல் ஒட்டினால் வேலை முடிந்தது. எட்டடி அகல பேனரில் ஒரு வரி ஏழடி நீளமும் இரண்டு அங்குல உயரமும் இருக்கும். மேலும் கீழும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு மூன்று அங்குலப் பட்டையாக வெட்டச் சொல்லுங்கள். அளவைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் வரியில் ஏறிவிடும். அப்புறம் அந்த வீட்டார் வந்து நிற்பார்கள். டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது. செலவு பெரிதாக இருக்காது. "அந்தச் செலவை நாங்களே கொடுத்துடறோம் சார்" என்று சொன்னாலே பாதி இடங்களில் பேச்சு முடிந்துவிடும். கொடுக்கக் கடமை இல்லை. ஆனாலும் காரியம் ஆகும்.

மைதா பசையில் காகிதம் ஒட்டுவது வேண்டாம். ஒரு மழையில் உரிந்து, பெயர் மறுபடி தெரியும். வினைலும் தூசி படிந்த ஃப்ளெக்ஸில் பிடிக்காது. துணியால் துடைத்து, காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு, வெயில் ஏறியதும் ஒட்ட வேண்டும். முதலில் நடுவில் அழுத்தி, அங்கிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு போனால் காற்றுக் குமிழ் நிற்காது. ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தால் ஆடிக்காற்றில் பிய்ந்துவிடும்.

ஒட்டிய பிறகு இரண்டு விஷயம் பாருங்கள். மெல்லிய வெள்ளை ஸ்டிக்கராக இருந்தால் கருப்பு எழுத்து அடியில் நிழலாகத் தெரியும். பின்பக்கம் சாம்பல் நிறப் பூச்சு உள்ள ரகத்தைக் கேட்டால் தெரியாது. அடுத்தது வரிசை எண். 31-க்கு அப்புறம் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால், யாரை மறைத்திருக்கிறார்கள் என்ற விசாரணை தொடங்கும். கடைசி வரி என்பதால் நம் எடுத்துக்காட்டில் பிரச்சினை குறைவு. ஸ்டிக்கரில் சென்டரின் கைபேசி எண்ணையே அடித்து ஒட்டிவிட்டால் அது மறைப்பு மாதிரியே தெரியாது. நடு வரியாக இருந்தாலும் இதே வழிதான்.

ஃப்ளெக்ஸ் கடையின் கணினியில் உள்ள கோப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த மே மாதம் 'கடந்த ஆண்டு சாதனை' என்று அதே அட்டவணை ஓரத்தில் முளைக்கும். அதனால்தான் கடிதத்தில் அந்த வரி. சென்டர் சம்மதித்த பிறகு கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இணையத்தில் இருப்பது

வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் அவசரம். 'எல்லோருக்கும் நீக்கு' வசதி, அனுப்பியதிலிருந்து சுமார் இரண்டரை நாள் வரைதான் இருக்கும். முடிவு வந்த அன்றே பார்த்துவிட்டால், பேனர் பேச்சைத் தள்ளிப் போட்டாலும் இதை மட்டும் உடனே நிர்வாகியிடம் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் சென்டர் தன் பதிவை நீக்கினாலும், அதன் படத்தைப் பதிவிறக்கித் தன் பக்கத்தில் போட்ட ஆசிரியரின் பதிவு நிற்கும். பெயரைத் தேடிப் பார்த்து அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூகுள் மேப் படத்தை ஏற்றியது சென்டரின் கணக்கு என்றால் அவர்களால் நீக்க முடியும். வேறு யாரோ ஏற்றியிருந்தால் அந்தப் படத்தைத் திறந்து புகாரளிக்கும் கொடியை அழுத்த வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும்.

ஏழு நாள் ஆகியும் நடக்கவில்லை என்றால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். கடிதத்தின் பிரதி, படங்கள், ரசீது மூன்றையும் ஏற்றுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 17-ஆம் பிரிவின்படி நேர்மையற்ற வணிக முறை, தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. பேரூராட்சி டியூஷன் சாரிடம் அந்தத் தொகையைச் சொல்லி மிரட்டினால் சிரித்துவிடுவார். மனு எண் உள்ள சீட்டின் பிரதியைக் காட்டினால் சிரிக்க மாட்டார்.

மின்கம்பத்தில் கட்டிய பேனருக்குத் தனி வழி உண்டு. சாலையோரப் பேனருக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். கம்பத்தில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம், நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையரிடம் எழுதிக் கொடுக்கலாம். கம்பம் பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் சொல்லலாம். இந்த மனுவில் மகளின் பெயரோ மார்க்கோ வரத் தேவையே இல்லை. அனுமதியில்லாத பேனர், இந்த எண் கம்பம் என்பதே போதும். வேகமாக நடப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் இது சென்டரின் சொந்தச் சுவரில் இருக்கும் பேனரைத் தொடாது, இணையத்தையும் தொடாது.

இறக்கிய பிறகு

டெல்டாவில் இறக்கிய ஃப்ளெக்ஸ் குப்பைக்குப் போவதில்லை. வைக்கோல் போர் மூடவும், மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகாமல் இருக்கவும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியலைப் போர்த்தவும் யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். அச்சடித்த பக்கம் மேலே இருந்தால், வரியை மறைக்காமல் இறக்கிய பேனர் குறுவை அறுவடை வரை வேறொரு ஊரின் சாலையோரம் கிடக்கும். ஸ்டிக்கர் ஒட்டாமல் நேரடியாக இறக்க ஒப்புக்கொண்டார்கள் என்றால், அந்த வரியைக் கத்தரித்துக் கையில் வாங்கிக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு அடுத்த ஜூனில் படிவம் நிரப்பும்போது, அந்தச் சம்மத வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'முடிவு வந்த பின் தனியாகக் கேட்கவும்' என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்தும் தேதியும் போட்டு, படிவத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் கேட்டால் பிறந்த தேதியை மறைத்துக் கொடுக்கலாம்.